டெக்சஸில் வீடு காலி செய்தவர்களுக்கு: கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போனில் பதில் சொல்லிவிடாதீர்கள்

இது டல்லாஸ் வட்டாரத்தில் அபார்ட்மெண்ட் மாறுகிற நம்மவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் ஒரு வலை. எண்களை மாதிரிக்காகப் போட்டிருக்கிறோம். ஏமாற்று நடக்கும் விதம் மட்டும் மாறுவதே இல்லை.

இர்விங்கில் இரண்டு படுக்கையறை வீடு. நான்கு வருடம் இருந்துவிட்டு ஜனவரி 31 அன்று சாவியைக் கொடுத்தாயிற்று. வாடகை பாக்கி கிடையாது. 400 டாலர் டெபாசிட் மட்டும் லீஸிங் ஆபிஸிடம் நிற்கிறது. அது திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால், ஜூலையில் முன்பின் கேள்விப்படாத ஒரு ஏஜென்சியிடமிருந்து 2,411.50 டாலர் கட்டச் சொல்லிக் கடிதம் வருகிறது. கார்பெட் மாற்ற 1,150, பெயிண்ட் அடிக்க 480, சுத்தம் செய்ய 225, ஆக 1,855. அதன்மேல் 30 சதவீதம் கலெக்‌ஷன் கட்டணம், 556.50. கொடுத்து வைத்த 400 டாலர் இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. பலர் இதைக் கவனிப்பதே இல்லை, மொத்தத் தொகையைப் பார்த்த பதற்றத்தில் நேராகப் போனை எடுத்துவிடுகிறார்கள்.

சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது. போனில் பேசுகிறவருக்கு உங்கள் கார்பெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்றைக்கு 200 டாலர் கட்டினால் கிரெடிட்டில் ஏற்றாமல் பார்த்துக்கொள்கிறோம், மீதியைத் தவணையில் கட்டலாம் என்பார். இந்தியப் பெயரைப் பார்த்துவிட்டு விசாவுக்குச் சிக்கல் வரும் என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. வாடகை வீட்டுக் கணக்குத் தகராறு சிவில் விவகாரம், அதற்காக யாரையும் நாடு கடத்த முடியாது. அப்படிப் பொய்யாக மிரட்டுவதை 1977-இல் வந்த மத்தியக் கடன் வசூல் நடைமுறைச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் பயத்தில் அந்த 200 டாலரைக் கட்டிவிட்டால், கடனை ஒப்புக்கொண்டுதானே கட்டினீர்கள் என்று பின்னால் அதையே காட்டுவார்கள். ‘இந்தத் தொகை தப்பு’ என்று போனில் எவ்வளவு நேரம் வாதாடினாலும் வசூல் நிற்காது. அதே சட்டப்படி வசூலை நிறுத்தும் பலம் எழுத்தில் கொடுக்கும் ஆட்சேபணைக்கு மட்டுமே.

அதற்குக் கெடு, ஏஜென்சியின் முதல் நோட்டீஸ் கையில் கிடைத்ததிலிருந்து 30 நாள். இதை வேலிடேஷன் நோட்டீஸ் என்பார்கள். 2021 நவம்பர் 30 முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி, கெடு முடியும் தேதியை நோட்டீஸிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். கடிதம் எப்போது கிடைத்தது என்று தெரியாவிட்டால், அனுப்பி ஐந்து வேலை நாளில் கிடைத்ததாக வைத்துக்கொண்டு ஏஜென்சி அந்தத் தேதியைக் கணக்கிடலாம். பழைய முகவரிக்குப் போய்ச் சுற்றிவரும் கடிதத்தில் பாதி நாள் அங்கேயே போய்விடும். அதனால் காலி செய்யும் நாளிலேயே தபால் துறையிடம் முகவரி மாற்றம் கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் மின்னஞ்சலிலும் வரலாம், ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்.

நோட்டீஸில் ஒரு சிறிய கணக்குப் பட்டியல் இருக்கும். ஏதோ ஒரு தேதியைக் குறிப்பிட்டு அன்றைக்கு இருந்த கடன் இவ்வளவு, அதற்குப் பிறகு சேர்ந்த வட்டி இவ்வளவு, கட்டணம் இவ்வளவு, கட்டியதும் கழித்ததும் இவ்வளவு, இன்றைய தொகை இவ்வளவு என்று வரிசையாகக் காட்ட வேண்டும். நம் மாதிரியில் முதல் வரியில் 1,855, கட்டண வரியில் 556.50, கழிவு வரியில் பூஜ்யம். இதிலேயே இரண்டு கேள்விகள் கிடைத்துவிட்டன. டெபாசிட் எங்கே போனது? 30 சதவீதத்தை லீஸின் எந்தப் பிரிவு அனுமதிக்கிறது? லீஸோ சட்டமோ அனுமதிக்காத எந்தக் கட்டணத்தையும் ஏஜென்சி வசூலிக்கக் கூடாது. டெக்சஸில் பல லீஸ்களில் அப்படி ஒரு பிரிவு உண்மையாகவே இருக்கும், அதனால் லீஸைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு எழுதுங்கள். பிரிவு இருந்தாலும் டெபாசிட்டைக் கழிக்காமல் முழுத் தொகைக்கும் 30 சதவீதம் போட்டது தவறு. 1,855-இல் 400 போனால் 1,455, அதற்கு 30 சதவீதம் 436.50-தான் வரும்.

பதில் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கடிதத்தின் தேதி, ஏஜென்சி கொடுத்த கணக்கு எண், ‘இந்தக் கடனையும் இந்தத் தொகையையும் முழுமையாக ஆட்சேபிக்கிறேன், ஆதாரம் அனுப்புங்கள்’ என்ற வாக்கியம் ஆகியவை முதலில் வரட்டும். அடுத்து கேட்கும் ஆதாரங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: கையெழுத்திட்ட லீஸின் நகல், ஒவ்வொரு சேத வரிக்கும் ரசீது, கார்பெட் போட்ட வருடம், குடியேறியபோதும் காலி செய்தபோதும் எழுதிய வீட்டு நிலைப் படிவங்கள், டெபாசிட் வரவு வைத்த கணக்கு, கலெக்‌ஷன் கட்டணத்துக்கான பிரிவு. உரிமையாளரின் பெயரும் முகவரியும் வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள், அதைக் கேட்டால் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கிரெடிட் நிறுவனங்களுக்கு இதைச் சொல்வதானால் ‘ஆட்சேபணையில் உள்ளது’ என்ற குறிப்போடுதான் சொல்ல வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள்.

எதை எழுதக் கூடாது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ‘இப்போது கையில் பணமில்லை’, ‘பாதி என்றால் கட்டிவிடுகிறேன்’ போன்ற வரிகள் கடனை ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படும். சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு எண் எதையும் தர வேண்டியதில்லை. ‘இனி என்னைத் தொடர்பு கொள்ளவே கூடாது’ என்றும் இதே கடிதத்தில் எழுதாதீர்கள். அது வேறு ஒரு உரிமை. அதைப் பயன்படுத்தினால் பேச்சுவார்த்தைக்கான வாசல் அடைபட்டு, நேரே வழக்குப் போடத் தூண்டும்.

கடிதத்தைச் சர்ட்டிஃபைட் மெயிலில், பெற்றுக்கொண்டதற்கான பச்சை அட்டையோடு அனுப்புங்கள். சுமார் 10 டாலர் ஆகும். நோட்டீஸின் அடியில் இருக்கும் கிழித்து அனுப்பும் படிவத்தில் டிக் போட்டு அனுப்பினாலும் செல்லும், ஆனால் எதற்கெல்லாம் ஆதாரம் கேட்டீர்கள் என்பது அதில் பதிவாகாது.

கடிதம் 30 நாளுக்குள் போய்விட்டால், ஆதாரம் அனுப்பும்வரை ஏஜென்சி வசூலை நிறுத்த வேண்டும். இங்கே பெரிதாக நம்பிக்கை வைத்து ஏமாறாதீர்கள். எத்தனை நாளில் ஆதாரம் தர வேண்டும் என்று மத்தியச் சட்டத்தில் கெடு இல்லை. எவ்வளவு ஆதாரம் போதும் என்பதிலும் நீதிமன்றங்கள் கறாராக இல்லை. உரிமையாளர் கேட்கும் தொகை இதுதான் என்று எழுத்தில் உறுதி செய்தாலே போதும் என்று 1999-இல் ஒரு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதை ஏஜென்சிகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் நீங்கள் ஆறு ஆவணம் கேட்டால், பெரும்பாலும் லீஸிங் ஆபிஸின் கணினியிலிருந்து அச்சிட்ட ஒரே ஒரு கணக்குத் தாள்தான் வரும். கேட்டது வீண் என்று அர்த்தமில்லை. தராமல் விட்டவற்றின் பட்டியல் பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்கு உதவும்.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு இரண்டாவது பிடி ஒன்று உண்டு, தமிழ்க் குழுக்களில் இதைப் பற்றி யாரும் பேசிப் பார்த்ததில்லை. மாநில நிதிச் சட்டத்தின் 392.202 பிரிவின்படி, தொகை தவறு என்று எழுத்தில் தெரிவித்தால், சரியான தொகையை விசாரித்து முடிவு செய்யும்வரை ஏஜென்சி வசூலை நிறுத்த வேண்டும். தெரிவித்த 30 நாளுக்குள் தவறை ஒப்புக்கொள்கிறோம், மறுக்கிறோம், அல்லது விசாரிக்க நேரம் போதவில்லை என்று எழுத்தில் பதில் தர வேண்டும். முதல் நோட்டீஸின் 30 நாள் கெடுவை இந்தப் பிரிவு கேட்பதில்லை, ஆகவே கெடு தவறியவர்களும் இதைச் சொல்லி எழுதலாம். கடிதத்தில் மத்தியச் சட்டத்தின் 1692g பிரிவையும் இதையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

அதே நாளில் இன்னொரு கடிதம் லீஸிங் ஆபிஸுக்குப் போக வேண்டும். மேலே சொன்ன மத்திய வசூல் சட்டம் ஏஜென்சியைத்தான் கட்டும், வீட்டு உரிமையாளரைக் கட்டாது. உரிமையாளரைக் கட்டுவது டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 92-ஆம் அத்தியாயம். காலி செய்த 30 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்ப வேண்டும், அல்லது எதற்கெல்லாம் கழித்தோம் என்று பட்டியல் தர வேண்டும். இரண்டும் செய்யவில்லை என்றால் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகவே சட்டம் அனுமானிக்கும். கெட்ட எண்ணத்தோடு பட்டியல் தராதவர் டெபாசிட்டில் கைவைக்கும் உரிமையையும், சேதத்துக்காக வழக்குப் போடும் உரிமையையும் இழக்கிறார். நியாயமில்லாமல் பிடித்துவைத்த தொகைக்கு மூன்று மடங்கும் 100 டாலரும் வக்கீல் செலவும் கேட்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: புது முகவரியை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். கவுண்டரில் வாயால் சொல்லிவிட்டு வந்தது செல்லாது. கொடுக்க மறந்திருந்தால் இந்தக் கடிதத்திலேயே கொடுங்கள், மறந்ததால் டெபாசிட் உரிமை போய்விடாது.

இனி கணக்கு. சாதாரணப் புழக்கத்தில் வரும் தேய்மானத்துக்கு டெபாசிட்டில் கழிக்கக் கூடாது. நான்கு வருடம் குடியிருந்த சுவரில் பெயிண்ட் மங்குவது தேய்மானம்தான், எனவே 480 போகிறது. கார்பெட் 2019-இல் போட்டது, கறை ஒரே ஒரு அறையில், கேட்பதோ மொத்த வீட்டுக்கும். வாடகை வீட்டுக் கார்பெட்டை அமெரிக்க வருமான வரித் துறையே 5 வருடச் சொத்தாகக் கணக்கிடுகிறது. அது நீதிமன்றத்தைக் கட்டாது என்றாலும், ஆறு வருடப் பழைய கார்பெட்டுக்குப் புது விலை கேட்பவரிடம் வைக்க இதைவிட நல்ல வாதம் இல்லை. 1,150-உம் போகிறது. அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது உண்மை என்றால் 225-ஐ ஒப்புக்கொள்ளுங்கள். நம் வீட்டுத் தாளிப்பு அப்படி. 400-இல் 225 போனால், அவர்கள்தான் உங்களுக்கு 175 டாலர் தர வேண்டும்.

இந்தக் கடிதங்கள் போன பிறகு இரண்டு மாதம் சத்தமே இல்லாமல் இருந்தால் முடிந்தது என்று கோப்பை மூடிவிடாதீர்கள். ஏஜென்சி கணக்கைத் திருப்பிக் கொடுத்து, உரிமையாளர் வேறொரு ஏஜென்சியிடம் தள்ளுவது வழக்கம். அப்போது புது நோட்டீஸ், புது 30 நாள், அதே கடிதம். AnnualCreditReport.com தளத்தில் கிரெடிட் ரிப்போர்ட்டை வாராவாரம் இலவசமாகப் பார்க்கலாம்.

வழக்கே வந்துவிட்டால் ஆட்சேபணைக் கடிதம் அனுப்பியிருக்கிறேனே என்று இருந்துவிடாதீர்கள், அது நீதிமன்றத்துக்கான பதில் ஆகாது. 20,000 டாலர் வரையிலான இத்தகைய வழக்குகள் வரும் டெக்சஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில், சம்மன் கையில் கிடைத்த 14-ஆம் நாள் முடிவதற்குள் எழுத்தில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் கார்பெட்டின் வயதை யாரும் கேட்காமலே 2,411.50-க்கும் தீர்ப்பாகிவிடும்.