டீப் டிராயிங் டை வாங்கும்போது ஏமாறாதீர்கள்: மூன்றரை லட்சம் போயிற்று

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். தகட்டை இழுத்துக் கோப்பையாக்கும் டை ஒன்றுக்கு மூன்றரை லட்சம் கொடுத்தேன். வந்து சேர்ந்தது வேறு யாருக்கோ செய்து, தேய்த்து, பாலிஷ் போட்ட பழைய டை. உள்ளே பொருத்தியிருப்பதும் பேசிய சாமான் இல்லை. தொழிற்சாலைச் சாமான்களுக்கென்றே இயங்கும் ஓர் இணையச் சந்தை வழியாகத்தான் அந்த டை தயாரிப்பாளர் கிடைத்தார். சந்தையின் பெயரையும் எழுதவில்லை, ஆளின் பெயரையும் எழுதவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு வேண்டியது சாதாரணமான உருளைக் கோப்பை. உள் விட்டம் 80 மி.மீ., உயரம் 45 மி.மீ., தகடு 0.8 மி.மீ. தடிமனில் டீப் டிராயிங் தர மைல்ட் ஸ்டீல். வாயில் ஒரு மூடி இறுக்கமாக உட்கார வேண்டும். வட்டத் தகட்டின் விட்டத்துக்கு எல்லோரும் போடுகிற கணக்குதான்: D = √(d² + 4dh). சராசரி விட்டம் 80.8 என்று வைத்தால் ஏறத்தாழ 145 வரும். விளிம்பை வெட்டிச் சீராக்கக் கொஞ்சம் சேர்த்து 150 என்று முடிவு செய்தோம். 150-ஐ, தகட்டை டைக்குள் தள்ளும் பஞ்சின் விட்டமான 80-ஆல் வகுத்தால் 1.875. மைல்ட் ஸ்டீலுக்கு முதல் இழுப்பில் 2 வரை போகலாம் என்பதால் ஒரே இழுப்பில் வர வேண்டிய வேலை இது.

ஆனால் இதில் ஒரு பிடி இருக்கிறது. 150 மி.மீ. வட்டத்தின் ஓரச் சுற்றளவு 471 மி.மீ. அது கோப்பையின் வாயாக மாறும்போது 254 மி.மீ. ஆகிவிட வேண்டும். மிச்ச உலோகம் உயரமாகவும் கொஞ்சம் தடிமனாகவும் மாறியாக வேண்டும். தகடு மெல்லியதாக இருந்து, மேலே அழுத்திப் பிடிக்க ஆளில்லாவிட்டால், அது தடிமனாக மாறாது. புடவைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக எழும்பிவிடும். அதனால்தான் பிளாங்க் ஹோல்டர். டை வாயின் வளைவுக்கும் வெளியே தட்டையாகக் கிடக்கும் தகட்டு வளையத்தின் மேல் சதுர மில்லிமீட்டருக்கு 2.5 நியூட்டன் வேண்டும் என்று வைத்தால், என் கோப்பைக்குத் தொடக்கத்தில் சுமார் 2.7 டன் அழுத்தம் வேண்டும். இழுப்பு போகப் போக வளையம் சுருங்கும், தேவையும் குறையும். 30 மி.மீ. ஆழம் போனபின் தகட்டின் ஓரம் 113 மி.மீ. அளவுக்கு உள்ளே வந்திருக்கும். அப்போது 0.8 டன் போதும்.

இதையெல்லாம் அவரிடம் பேசித்தான் கேட்டேன். என் பிரஸ் மெக்கானிக்கல், பிளாங்க் ஹோல்டருக்கு அடியிலிருந்து அழுத்தம் கொடுக்கும் குஷன் அதில் கிடையாது என்பதையும் சொன்னேன். "டைக்குள்ளயே நைட்ரஜன் கேஸ் ஸ்பிரிங் வச்சுத் தர்றேன் சார், தொடக்கத்திலேயே முழு அழுத்தம் கிடைக்கும், கடைசி வரைக்கும் பெரிசா ஏறாது" என்றார். சரியான பதில். விலைப்பட்டியலிலும் கேஸ் ஸ்பிரிங் என்றே எழுதியிருந்தார். மூன்றரை லட்சத்தில் பெரும்பங்கு அதற்குத்தான்.

நான் நம்பிய இடம் அவருடைய பட்டறை. என் கண் முன்னாலேயே கோப்பை இழுத்துக் காட்டினார். வட்டத்தை எண்ணெய் தடவி வைத்தார், பிரஸ் இறங்கி ஏறியது, பளபளவென்று ஒரு கோப்பை வந்தது. உதவியாள் அதை உள்ளே எடுத்துப்போய் விளிம்பை வெட்டிக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். வெதுவெதுவென்று இருந்தது. விரலை உள்ளே விட்டுச் சுற்றினேன், ஒரு மேடு பள்ளம் தட்டவில்லை. "இதுதான் உங்க கோப்பை, ஒப்புதல்ல கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன். சந்தையில் நிறுத்தி வைத்திருந்த பணம் அன்றைக்கே அவருக்குப் போய்விட்டது.

அவர் பட்டறையில் இருந்தது அடியில் குஷன் உள்ள ஹைட்ராலிக் பிரஸ். அந்தக் கோப்பையைச் சுருக்கமில்லாமல் பிடித்து வைத்தது அந்த பிரஸ்ஸின் குஷன். டைக்குள் என்ன இருந்தது என்பதற்கு அந்தச் சோதனையில் வேலையே இல்லை. விளிம்பை வெட்டிக் கொடுத்ததும் காரணமாகத்தான். சுருக்கம் முதலில் எழும்புவது விளிம்பில். அதை வெட்டிவிட்டால் பாதி சாட்சி போய்விடும்.

டை என் இடத்துக்கு வந்து, என் பிரஸ்ஸில் ஏறியது. முதல் கோப்பையிலேயே வாயைச் சுற்றி மடிப்பு. டை இடுக்கில் நுழையும்போது மடிப்புகள் நசுங்கி, வெளிச்சுவரில் மேலிருந்து கீழாகப் பளிச்சென்ற கோடுகளாக நின்றன. கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வரி வரியாகத் தெரியும். உள்ளே நகத்தை ஓட்டினால் தட்டித் தட்டிப் போகும்.

போன் செய்தேன். "அது சுருக்கம் இல்ல சார், காது. உங்க தகட்டுக் கோளாறு" என்றார். காது என்றால் தகடு உருட்டப்பட்ட திசையால் வருவது. பெரும்பாலும் நான்கு இடத்தில் விளிம்பு அலைபோல உயர்ந்து தாழும், சுவர் வழவழப்பாகவே இருக்கும். எனக்கு வந்தது நெருக்கமான சின்னச் சின்ன மடிப்பு. படம் எடுத்து அனுப்பினேன். அப்புறம் "எண்ணெய மாத்துங்க" என்றார். மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் "ஸ்பிரிங் போல்ட்ட இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் இறுக்குங்க" என்றார்.

கேஸ் ஸ்பிரிங் என்றால் எதற்கு போல்ட்டை இறுக்க வேண்டும்? அங்கேதான் சந்தேகம் வந்து அடித்தட்டைக் கழற்றினேன். கேஸ் ஸ்பிரிங் ஒன்றுகூட இல்லை. ஆறு சுருள் ஸ்பிரிங்குகள்.

ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தேன். மில்லிமீட்டருக்குச் சுமார் 100 நியூட்டன். ஆறும் சேர்ந்தால் 600. அவர் வைத்திருந்த முன்னழுத்தம் 10 மி.மீ. ஆகத் தொடக்கத்தில் கிடைப்பது 6,000 நியூட்டன், அதாவது சுமார் 600 கிலோ, வேண்டியதோ 2.7 டன். சுருக்கம் வராமல் என்ன செய்யும்? அவர் சொன்னபடி இன்னும் 20 மி.மீ. இறுக்கினால் தொடக்கம் 1.8 டன் ஆகும், அப்போதும் போதாது. ஆனால் 30 மி.மீ. ஆழத்தில், 0.8 டன் போதும் என்ற இடத்தில், அதே ஸ்பிரிங்குகள் 3.7 டன் கொடுக்கும். தகடு உள்ளே நகர முடியாமல் சுவர் இழுபட்டு அறுந்துவிடும். அப்படியே நடந்தது. இறுக்கிய பிறகு பாதி கோப்பைகள் அடி மூலைக்குச் சற்று மேலே, பஞ்ச் வளைவை ஒட்டி, அரை வட்டமாகக் கிழிந்தன. சுவர் அதிகம் மெலிவது அங்கேதான். மேலே சுருக்கம், கீழே கிழிசல், இரண்டும் ஒரே கோப்பையில். சுருள் ஸ்பிரிங் தேவைக்கு நேர் எதிராக வேலை செய்கிறது: அதிகம் வேண்டும்போது குறைவு, குறைவு வேண்டும்போது அதிகம். ஆழம் குறைந்த கோப்பைக்கு அது ஓடும். 45 மி.மீ. ஆழத்துக்கு இந்த மெல்லிய தகட்டில் ஓடாது. இது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் கேஸ் ஸ்பிரிங் என்று எழுதிக் கொடுத்தார்.

அதோடு முடிந்திருந்தால்கூட ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியிருப்பேன். சுருக்கம் குறைவாக வந்த ஒன்றிரண்டு கோப்பைகளிலும் மூடி ஆடியது. அடியில் சரியாக இருந்த விட்டம் வாயில் 0.8 மி.மீ. விரிந்திருந்தது. கேட்டால், "அது ஸ்பிரிங்பேக் சார், எந்தத் தகட்டுக்கும் இருக்கும்."

இருக்கும்தான். டை வளைவில் வளைந்த தகடு சுவராக நிமிரும்போது உள்பக்கம் அமுக்குவிசையும் வெளிப்பக்கம் இழுவிசையும் தங்கிவிடும். பஞ்ச் வெளியேறியதும் வாய் கொஞ்சம் விரியப் பார்க்கும். அதைக் கட்டுப்படுத்தத்தான் பஞ்சுக்கும் டைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தகட்டின் தடிமனைவிடச் சுமார் 10 சதவீதம் மட்டும் கூட்டி வைக்கிறோம். 0.8 தகட்டுக்கு ஒரு பக்கம் 0.9. வாய்ப்பக்கம் தடித்த உலோகம் அந்த இடுக்கில் லேசாக உரசி நேராகும், தங்கிய விசையும் குறையும். டை வாயையும் பஞ்சையும் அளந்தேன். பஞ்ச் 80, டை வாய் 82.5. ஒரு பக்கம் 1.25! என் வரைபடத்தில் 81.8 என்று தெளிவாக இருக்கிறது. 1.25 என்பது 1.1 மி.மீ. தகட்டுக்கான இடைவெளி. டையின் பக்கவாட்டில் பழைய எண்ணைத் தேய்த்து அழித்த தடமும் இருந்தது. யாரோ வேண்டாமென்று விட்டுப்போன டை, என் தலையில் மூன்றரை லட்சத்துக்குக் கட்டப்பட்டது.

உறுதி செய்துகொள்ள ஒரு கோப்பையின் சுவரிலிருந்து 10 மி.மீ. உயர வளையம் வெட்டி, ஹாக்ஸாவால் ஓர் இடத்தில் பிளந்தேன். பிளவு ஒரு விரல் அகலத்துக்குப் பட்டென்று திறந்துகொண்டது. அந்த அளவு விசை சுவரில் பூட்டிக்கிடந்தால் மூடி எப்படி நிற்கும்? இந்த டையில் இனி இடைவெளியைக் குறைக்க முடியாது, டை வாய் ஏற்கெனவே பெரிது. புது வளையம் செருக வேண்டும், அல்லது அளவு சரிசெய்ய இன்னொரு டையில் மறுபடி அடிக்க வேண்டும். இரண்டுக்கும் தனிச் செலவு.

அளவுகள், படங்கள், பிளந்த வளையம், எல்லாவற்றையும் சந்தைக்கு அனுப்பினேன். "மாதிரிக்கு நீங்கள் ஒப்புதல் அளித்துள்ளதால் புகார் முடிக்கப்படுகிறது." இவ்வளவுதான் பதில். கேஸ் ஸ்பிரிங் என்று எழுதிய விலைப்பட்டியலை மறுபடி அனுப்பினால், அதே வரி மறுபடி வருகிறது. தயாரிப்பாளர் முதலில் "வர்றேன் சார்" என்றார், அப்புறம் "ஆள் ஊர்ல இல்ல", இப்போது போனையே எடுப்பதில்லை. மூன்றரை லட்சம்.

டை வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடிந்தது இவ்வளவுதான். விளிம்பு வெட்டிய கோப்பையை மாதிரியாக ஏற்காதீர்கள். வெட்டாத கோப்பையும், பாதியில் நிறுத்தி எடுத்த கோப்பையும் கேளுங்கள். பாதிக் கோப்பையின் ஓர வளையத்தில் எல்லாம் தெரிந்துவிடும். உங்கள் பிரஸ்ஸில் குஷன் இல்லையென்றால் சோதனையும் குஷன் இல்லாத பிரஸ்ஸில்தான் நடக்க வேண்டும், தகடு உங்களுடையதாக இருக்க வேண்டும். அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பஞ்சையும் டை வாயையும் நீங்களே அளக்காமல் எந்த ஒப்புதலிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "இறுக்கினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் எவ்வளவு அழுத்தம் ஏறும், எந்த ஆழத்தில் ஏறும் என்று எண்ணாகக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் முன்பணத்தைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.