ஓசூரில் வீடு மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு: "எல்லாம் சேர்த்து 5,500" என்றால் ஏறும் முன் கேட்க வேண்டியவை

மத்திகிரியிலிருந்து பாகலூர் ரோட்டுப் பக்கம் வீடு மாறிய ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. தூரம் பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. பழைய வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. புது வீடு தரைத்தளம். இணையத்தில் தேடி எடுத்த நம்பரில் பேசியபோது "வண்டி, ஆள், பேக்கிங் எல்லாம் சேர்த்து 5,500" என்றார்கள். 500 ரூபாய் டோக்கன் அனுப்பியாயிற்று. கடைசியில் அவர்களிடம் கேட்ட தொகை 12,744. இதே மாதிரி ஊர் முழுக்க நடக்கிறது என்பதால், எந்த இடத்தில் எப்படி ஏறியது என்று விவரமாக எழுதுகிறோம்.

காலை வந்தது குட்டியானையும் இரண்டு ஆட்களும். போனில் "வண்டி" என்று மட்டும்தான் பேச்சு. எந்த வண்டி, எத்தனை அடி பாடி என்று அவர்களும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஏமாற்று இங்கேயே தொடங்கிவிட்டது. குட்டியானையின் பாடி சுமார் ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். அதாவது 35 சதுர அடிக்குள்தான். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமானைத் தரையில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று பேர் உட்காரும் சோபா 15, கழற்றிய கட்டிலும் மெத்தையும் பக்கவாட்டில் நிறுத்தினால் 10, பீரோ 5, ஃப்ரிட்ஜ் சுற்றுக்கட்டோடு 5, வாஷிங் மெஷின் 4. இதுவே 39 ஆகிவிட்டது. டைனிங் டேபிள், சமையலறைப் பெட்டிகள், துணி மூட்டைகள் இன்னும் கணக்கில் வரவில்லை. எட்டடிக்கு மேல் பாடி உள்ள பிக்கப் வந்திருந்தால் சோபாவை நிமிர்த்தி, பெட்டிகளை மேலே அடுக்கி, ஒரே நடையில் முடித்திருக்கலாம். குட்டியானையில் அது முடியாது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் அனுப்புகிறார்கள்.

பாதிச் சாமான் ஏறிய பிறகு, "சார், இது ரெண்டு நடை ஆகும்" என்று ஆரம்பித்தார்கள். இரண்டாம் நடைக்கு 2,200. மாடிக்கூலி 1,200. அட்டைப்பெட்டிக்கும் பிளாஸ்டிக் சுற்றுக்கும் 1,400. படியில் இறக்க நேரமானதற்கு வெயிட்டிங் 500. பேசிய 5,500-ஐயும் சேர்த்தால் 10,800. அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் 1,944. எல்லாம் சேர்த்து 12,744. கடைசி நடை புது வீட்டு வாசலுக்கு வந்ததும் பின்கதவைத் திறக்காமல் நின்றுகொண்டுதான் இந்தக் கணக்கைச் சொன்னார்கள். சிறு குழந்தையோடும் வயதானவர்களோடும் வாசலில் நிற்பவர்கள் எவ்வளவு நேரம் வாதாட முடியும்? பேரம் பேசி, டோக்கன் போக 10,000 கொடுத்துத்தான் சாமானை இறக்கினார்கள். பில் கேட்டதற்கு "வாட்ஸ்அப்பில் வரும்" என்றார்கள். வரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தப்பிப்பது சுலபம். போனில் விலை சொல்பவரிடம் பெரும்பாலும் வண்டியும் கிடையாது, ஆட்களும் கிடையாது. அவர் ஆர்டர் பிடிப்பவர். ஸ்டாண்டில் நிற்கும் ஒரு வண்டிக்காரருக்குக் குறைந்த வாடகை பேசுவார், ஏத்துக்கூலிக்கு வேறொருவரிடம் ஆள் கேட்பார், தன் கமிஷனை முதலிலேயே எடுத்துக்கொள்வார். ஆர்டர் கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகக் கட்டுப்படியாகாத விலையைச் சொல்லியிருப்பார். அந்தக் குறையை, உங்கள் சாமான் வண்டியில் ஏறிய பிறகு உங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் களத்தில் இருப்பவர்களுக்கு அவர் சொல்லாமல் சொல்வது. அதனால் வீட்டை நேரில் வந்து பார்க்காமல், அல்லது வீடியோ காலிலாவது ஒவ்வொரு அறையாகப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் டோக்கனே கொடுக்காதீர்கள்.

விலை ஒத்துவந்தால், போனில் பேசியதை நீங்களே எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். இப்படி எழுதினால் போதும்: "எட்டடிக்கு மேல் பாடி உள்ள பிக்கப், ஒரே நடை, நான்கு ஆட்கள். ஏற்றும் இடம் இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. இறக்கும் இடம் தரைத்தளம். கட்டில் கழற்றி மாட்டுவது, பேக்கிங் பொருள், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, வெயிட்டிங், வரி எல்லாம் சேர்த்து இவ்வளவு. மீதிப் பணம் இறக்கி முடித்த பின்." இதோடு பெரிய சாமான்களின் பட்டியலையும் படங்களையும் அனுப்புங்கள். மேலே சொன்ன கூடுதல் ஐந்தில் ஒன்றைக்கூட அதற்குப் பிறகு புதிதாகச் சொல்ல முடியாது. இதற்குப் பதில் போடத் தயங்குகிறவர் அந்த விலைக்கு வேலை செய்ய நினைக்கவில்லை என்று அர்த்தம்.

ஜிஎஸ்டி கேட்டால் கோபப்பட வேண்டாம், நம்பரைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் பதிவு செய்த நம்பர் 33 என்று தொடங்கும், எண்ணும் எழுத்துமாக மொத்தம் 15 இருக்கும். gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நம்பர் இல்லாதவர் வரி வாங்க முடியாது. அப்படிப்பட்டவர் ஜிஎஸ்டி என்று வாங்கும் பணம் அரசுக்குப் போகாது.

பணத்தைவிட வருத்தம் தந்தது ஃப்ரிட்ஜ். முதல் நடையிலேயே நிறைய ஏற்ற வேண்டும் என்று அதைப் படுக்க வைத்து மேலே மூட்டை அடுக்கினார்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். அப்படி வந்த ஃப்ரிட்ஜை நிமிர்த்திச் சில மணி நேரமாவது விட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும், ரொம்ப நேரம் படுத்திருந்தால் ஒரு நாள் விடுவது நல்லது. இறக்கிய ஆட்களே "ஓடுதா பாருங்க" என்று உடனே சுவிட்சைப் போட்டார்கள். சத்தம் வந்தது, குளிர் வரவில்லை. முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கும் இதே கவனம் வேண்டும். அதன் டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. வாங்கும்போது பின்பக்கம் மாட்டி வந்த நீள போல்ட்டுகளைத் தேடி எடுத்து, ஏற்றும் முன் மறுபடி மாட்டுங்கள். பேக்கிங் என்று இவர்கள் செய்தது மெல்லிய பிளாஸ்டிக்கை ஒரு சுற்று சுற்றியது மட்டும்தான். அது தூசிக்கு உதவும், அடிக்கு உதவாது. டிவி திரைக்கும் பீரோ கண்ணாடிக்கும் முதலில் பபிள் ஷீட், அதன் மேல் அட்டை, கடைசியில்தான் பிளாஸ்டிக்.

வண்டி வாசலுக்கு வந்ததும், ஒரு பெட்டிகூட ஏறும் முன், நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். வாடகை வண்டி என்றால் மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்கும். பேசியதைவிடச் சின்ன வண்டி வந்திருந்தால் அப்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள். 500 ரூபாய் டோக்கன் போனாலும் பரவாயில்லை. சாமான் ஏறிய பிறகு அந்தப் பலம் உங்களிடம் இருக்காது.

மாட்டிக்கொண்டால் டிரைவரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். அவருக்குப் பேசிய வாடகை எவ்வளவு என்று கேட்டாலே பல நேரம் உண்மை வந்துவிடும், அவரும் ஏமாந்தவராகத்தான் இருப்பார். பேசிய தொகையை அங்கேயே யுபிஐயில் அனுப்பி, அதன் பிறகும் கதவைத் திறக்கவில்லை என்றால் 100 அல்லது 112-ஐக் கூப்பிட்டு வண்டி நம்பரைச் சொல்லுங்கள். கூடுதலாகப் பணம் கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். யுபிஐயில் அனுப்பி, "பேசியதற்கு மேல் கட்டாயப்படுத்தி வாங்கியது" என்று அதே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கும்போதும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் கேட்கப்படுவது இவைதான்: பேசிய விலை, கொடுத்த பணம், சேதமான சாமானின் படம்.