வெறும் மின்தடையா, டிரான்ஸ்இம்பீடன்ஸ் பெருக்கியா: 3.3 பிக்கோஃபாரட் சொன்ன தீர்ப்பு

தண்ணீரின் கலங்கலை அளக்க ஒரு சிறு கருவி கட்டினேன். கண்ணாடிக் குழாயின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, அதற்குச் செங்கோணத்தில் இன்னொரு பக்கம் BPW34 ஒளி டையோடு. மிதக்கும் துகள்களில் பட்டுச் சிதறும் ஒளிதான் டையோடுக்கு வந்து சேரும். தெளிந்த நீரில் அது மிகச் சொற்பம். என் அமைப்பில் சுமார் 100 நானோஆம்பியர். அறையின் குழல்விளக்கு ஒளியோடு இது கலந்துவிடக் கூடாது என்பதற்காக எல்இடியை நொடிக்கு 10,000 முறை அணைத்து எரிய வைத்தேன். ஆகவே எனக்குத் தேவைப்பட்டது, 100 நானோஆம்பியர் மின்னோட்டத்தை 10 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் அளக்கத்தக்க மின்னழுத்தமாக மாற்றும் ஒரு சுற்று. வழி இரண்டு. இரண்டையும் கட்டிப் பார்த்தேன். நான் எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை: டிரான்ஸ்இம்பீடன்ஸ் பெருக்கியின் பக்கம். ஆனால் அந்தச் சாய்வு முதல் நாளே வந்துவிடவில்லை.

முதல் வழி எல்லோரும் அறிந்தது. டையோடின் குறுக்கே ஒரு மின்தடையைப் போட்டு, அதன் மேல் எழும் மின்னழுத்தத்தைப் பெருக்க வேண்டும். 1 மெகாஓம் போட்டால் 100 நானோஆம்பியருக்கு 0.1 வோல்ட் கிடைக்கும். ஓம் விதி, அவ்வளவுதான். சிக்கல் டையோடின் உள்ளே இருக்கிறது. BPW34 பரப்பு பெரிய டையோடு, 7.5 சதுர மில்லிமீட்டர். மின்னழுத்தம் எதுவும் கொடுக்காதபோது அதன் மின்தேக்குத்திறன் சுமார் 70 பிக்கோஃபாரட். கம்பிகளும் பெருக்கியின் உள்ளீடும் சேர்ந்தால் 80 என்று வைத்துக்கொள்ளலாம். 1 மெகாஓமும் 80 பிக்கோஃபாரடும் சேர்ந்தால் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் சரியத் தொடங்கும். என் 10 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞையில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது.

மின்தடையைக் குறைத்தால் வேகம் வரும். 100 கிலோஓம் போட்டால் 20 கிலோஹெர்ட்ஸ். ஆனால் சமிக்ஞை பத்தில் ஒன்றாகிவிடும், மின்தடையின் வெப்ப இரைச்சலோ மூன்றில் ஒன்றாகத்தான் குறையும். இழந்ததைப் பின்னால் பத்து மடங்கு பெருக்கி மீட்டாலும், இரைச்சல் மூன்று மடங்கு கூடுதலாகவே வந்து நிற்கும். இன்னொரு குறையும் உண்டு: மின்தடையின் மேல் எழும் மின்னழுத்தம் டையோடையே முன்னோக்கித் தள்ளுகிறது. சில நூறு மில்லிவோல்ட் ஆனதும் டையோடு தானே மின்னோட்டத்தை விழுங்கத் தொடங்கும். ஒளிக்கும் அளவீட்டுக்கும் இடையிலான நேர்கோடு வளைந்துவிடும்.

இரண்டாவது வழிதான் டிரான்ஸ்இம்பீடன்ஸ் பெருக்கி. இதிலும் அதே 1 மெகாஓம் மின்தடைதான், இடம் மட்டும் வேறு. டையோடு ஆப்-ஆம்பின் கழித்தல் உள்ளீட்டில் இணைகிறது. மின்தடை அந்த உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் உட்காருகிறது. கூட்டல் உள்ளீடு தரையில். நான் எடுத்தது TL072. அதன் உள்ளீடு விழுங்கும் மின்னோட்டம் சில பத்து பிக்கோஆம்பியர்தான் என்பதால், டையோடின் மின்னோட்டத்துக்கு மின்தடை வழியே போவதைத் தவிர வேறு கதி இல்லை. இரண்டு உள்ளீடுகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்படி ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டை நகர்த்துகிறது. விளைவாக வெளியீட்டில் மின்னோட்டம் பெருக்கல் மின்தடை, அதே 0.1 வோல்ட்.

அதே விடைதானே, இதற்கு ஏன் ஒரு சிப் என்று கேட்கலாம். வேறுபாடு டையோடின் முனையில் இருக்கிறது. இங்கே அந்த முனை அசைவதில்லை, பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது. மின்னழுத்தம் மாறாவிட்டால் 80 பிக்கோஃபாரடை நிரப்பவும் காலி செய்யவும் வேண்டிய வேலையே இல்லை. TL072-இன் பெருக்கத்துக்கும் அலைவரிசைக்குமான பெருக்கற்பலன் 3 மெகாஹெர்ட்ஸ்; 10 கிலோஹெர்ட்ஸில் அதற்கு 300 மடங்கு பெருக்கம் மீதமிருக்கிறது. டையோடின் கண்ணுக்கு 1 மெகாஓம் ஏறத்தாழ 3.3 கிலோஓமாகத் தெரிகிறது. வேகத்தின் ரகசியம் இதுதான். நேர்கோடு வளையும் தொல்லையும் கூடவே தீர்ந்துவிடுகிறது.

இதுவரை படித்தால் போட்டி முடிந்தது போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிரெட்போர்டில் கட்டினேன், அழகாக வேலை செய்தது. அதே சுற்றைச் சர்க்யூட் போர்டில் பற்றவைத்தேன். எல்இடியின் ஒவ்வொரு விளிம்பிலும் வெளியீடு மேலும் கீழும் துள்ளியது. ஒரு துள்ளலுக்கு 13 மைக்ரோநொடி, அதாவது 77 கிலோஹெர்ட்ஸ். அது அடங்குவதற்குள் எல்இடியின் அடுத்த விளிம்பு வந்துவிட்டது. வெளிச்சத்தை மறைத்தபோதும் அதே அதிர்வெண்ணில் மெல்லிய நடுக்கம் மீதமிருந்தது.

காரணத்தைச் சொல்ல மாடித் தண்ணீர்த் தொட்டி உதவும். தொட்டி நிரம்பிய செய்தி கீழே மோட்டார் அருகில் நிற்பவருக்குத் தாமதமாக வந்தால், அவர் நிறுத்துவதற்குள் வழிந்துவிடும். குறைந்த செய்தியும் தாமதமானால், மீண்டும் போடுவதற்குள் வறண்டுவிடும். ஆப்-ஆம்ப் தன் உள்ளமைப்பாலேயே 90 டிகிரி பின்தங்குகிறது. வெளியீட்டின் செய்தி உள்ளீட்டுக்குத் திரும்பும் பாதையில் 1 மெகாஓமும் 80 பிக்கோஃபாரடும் இருக்கின்றன; 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக அவையும் 90 டிகிரியை நெருங்கும் தாமதத்தைத் தருகின்றன. இரண்டும் கூடினால் 180. திருத்த வேண்டிய செய்தி தலைகீழாக வந்து சேர்கிறது. 77 கிலோஹெர்ட்ஸில், பின்னூட்ட வளையத்தின் பெருக்கம் ஒன்றாகும் இடத்தில், அந்த 180-ஐ எட்ட மிஞ்சியிருந்த இடைவெளி, அதாவது கட்ட விளிம்பு, வெறும் சில டிகிரிதான். வேடிக்கை என்னவென்றால், முதல் வழியில் வேகத்தைக் கெடுத்த அதே 80 பிக்கோஃபாரட்தான் இங்கே நிலைத்தன்மையைக் கெடுக்கிறது. பகை ஒன்றே, வேடம் வேறு.

மருந்து, மின்தடைக்கு இணையாக ஒரு சிறு மின்தேக்கி. அதிர்வெண் உயர உயர, வெளியீட்டின் செய்தி 1 மெகாஓமின் வழியே ஊர்ந்து வராமல் இந்த மின்தேக்கியின் குறுக்குவழியாக வருகிறது. அங்கே இரண்டு மின்தேக்கிகள் மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்வது மட்டுமே நடக்கிறது. பங்கீட்டில் தாமதம் இல்லை. இரண்டாவது 90 டிகிரி கரைந்துவிடுகிறது.

எவ்வளவு போடுவது என்பதில்தான் நான் சறுக்கினேன். கையில் 100 பிக்கோஃபாரட் இருந்தது, போட்டேன். துள்ளல் அடியோடு நின்றது. கூடவே சமிக்ஞையும் ஆறில் ஒன்றாகிவிட்டது. 1 மெகாஓமும் 100 பிக்கோஃபாரடும் சேர்ந்தால் எல்லை 1.6 கிலோஹெர்ட்ஸ், நான் ஏளனமாகத் தள்ளிவைத்த வெறும் மின்தடையைவிட மோசம்! இந்தப் பெருக்கி மந்தமானது என்று யாராவது சொன்னால், அந்த மின்தேக்கியின் அளவைத்தான் நான் முதலில் கேட்பேன்.

சரியான கணக்கு இது. Rf என்பது 1 மெகாஓம், Cin அந்த 80 பிக்கோஃபாரட், GBW சிப்பின் 3 மெகாஹெர்ட்ஸ், fi துள்ளும் அதிர்வெண், Cf போட வேண்டிய மின்தேக்கி; டிகிரியில் இருப்பது கிடைக்கும் கட்ட விளிம்பு:

```
fi = sqrt( GBW / (2*pi*Rf*Cin) )
   = sqrt( 3e6 / (2*pi*1e6*80e-12) )  = 77 kHz

Cf = sqrt( Cin / (2*pi*Rf*GBW) )      = 2.06 pF   (45°)
Cf * 1.41                             = 2.9 pF    (~65°)
```

2 பிக்கோஃபாரட் போட்டால் அதிராது, ஆனால் விளிம்பில் கொஞ்சம் துள்ளும். 2.9 போட்டால் அலைவரிசை தட்டையாக இருக்கும். கடையில் கிடைக்கும் அடுத்த மதிப்பு 3.3, அதைப் போட்டேன். துள்ளல் ஏறக்குறைய மறைந்தது, அலைவரிசை சுமார் 65 கிலோஹெர்ட்ஸ் வரை வந்தது. வெறும் மின்தடையோடு ஒப்பிட்டால் முப்பது மடங்குக்கு மேல். வகை சி0ஜி பீங்கானாக இருக்கட்டும். அது கைவசம் இல்லாதபோது, உறையிட்ட இரண்டு ஒயர்த் துண்டுகளை முறுக்கி, அலைகாட்டியைப் பார்த்தபடியே நுனியை நறுக்கி நறுக்கிச் சரிசெய்யலாம். சோதனை மேசைக்கு அது போதும். பெட்டிக்குள் வைக்க நான் நம்பமாட்டேன்.

பிரெட்போர்டில் ஏன் துள்ளவில்லை? TL072-இல் வெளியீடு முதல் கால், கழித்தல் உள்ளீடு இரண்டாம் கால். பிரெட்போர்டின் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு இடையில் தானாகவே இரண்டு மூன்று பிக்கோஃபாரட் இருக்கும். எனக்குத் தேவையான மின்தேக்கி கண்ணுக்குத் தெரியாமல் அங்கே இருந்திருக்கிறது! போர்டில் பற்றவைத்ததும் அது போய்விட்டது.

சரிபார்க்க எளிய வழி, எல்இடியைச் சதுர அலையில் இயக்கி வெளியீட்டின் விளிம்பை அலைகாட்டியில் பார்ப்பது. அலைகாட்டியின் முனையை டையோடு இருக்கும் இடத்தில் வைத்துவிட வேண்டாம். அதுவே பத்து பிக்கோஃபாரடைச் சேர்த்துச் சுற்றை வேறொன்றாக்கிவிடும். வெளியீட்டை மட்டும் தொட வேண்டும்.

இன்னும் வேகமான ஆப்-ஆம்பை வாங்கினால் இந்தத் தலைவலியே வராது என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. மேலே உள்ள வர்க்கமூலத்தைப் பாருங்கள்: நூறு மடங்கு வேகமான சிப் பத்து மடங்கு அலைவரிசைதான் தரும், வேண்டிய மின்தேக்கியோ 0.3 பிக்கோஃபாரடுக்குக் கீழே போய்விடும். மின்தடையின் உடலிலேயே 0.1 அளவுக்கு இருக்கும்போது அதை எப்படிக் கட்டுப்படுத்துவது? எதிர்த்திசையில் மின்னழுத்தம் கொடுப்பது இதைவிட நல்ல யோசனை. 3 வோல்ட் கொடுத்தால் BPW34-இன் 70 பிக்கோஃபாரட் சுமார் 25 ஆகக் குறையும். விலையாக இருட்டிலும் ஒழுகும் மின்னோட்டம் வரும், வெப்பம் ஏறினால் அதுவும் ஏறும். எனக்கு அலைவரிசை போதுமாக இருந்ததால் அந்தப் பக்கம் போகவில்லை. 10 மெகாஓமில் ஒரே ஒரு முறைதான் கட்டியிருக்கிறேன், அதைக் கொண்டு அங்கே என்ன நடக்கும் என்று அடித்துப் பேச முடியாது.

இரைச்சலில் இரண்டு வழிகளும் நினைத்ததைவிட நெருக்கம். என் 10 கிலோஹெர்ட்ஸில் TL072-இன் சொந்த இரைச்சல் ஐந்து மடங்காகப் பெருகி, 1 மெகாஓமின் வெப்ப இரைச்சலுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ஆனால் 50 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் அந்தப் பெருக்கம் 80-ஐ 3.3-ஆல் வகுத்த அளவை, அதாவது சுமார் 24 மடங்கை நோக்கி ஏறுகிறது. 10 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி மட்டும் பார்க்கும் வடிகட்டி பின்னால் இருப்பதால் எனக்கு அது பொருட்டில்லை. முழு அலைவரிசையும் வேண்டியவர்களுக்குப் பொருட்டாகும்.

வெறும் மின்தடையை நான் கைவிட்டுவிடவும் இல்லை. மாலையானதும் விளக்கைப் போடும் சுற்று ஒன்று வாசலில் இருக்கிறது. அங்கே ஒரு BPW34, ஒரு 10 கிலோஓம். அதற்கு மின்தேக்கிக் கணக்கு எதுவும் போடவில்லை.