நிஃப்டியில் சேரும் பங்கா, வெளியேறும் பங்கா? எதில் கைவைப்பது

என்.எஸ்.இ. பங்குச் சந்தையின் 50 பெரிய நிறுவனங்களின் பட்டியலான நிஃப்டி 50 மாற்றப்படும் மார்ச், செப்டம்பர் நெருங்கினாலே கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரைக்கும் எங்கள் பக்கத்து டிரேடிங் குழுக்களில் ஒரே பேச்சுதான்: "இந்தப் பங்கு நிஃப்டி 50-ல் சேரப் போகுது, ஃபண்டுகள் வாங்கித்தான் ஆகணும், முன்னாடியே பிடிச்சுப் போடு." எதிர்க்கட்சியும் உண்டு, வெளியே தள்ளப்படும் பங்கை மலிவாகப் பொறுக்கலாம் என்று சொல்பவர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முகூர்த்த நாளில் நம் ஊர் வெற்றிலை என்ன விலை விற்றாலும் கல்யாண வீட்டுக்காரர் வாங்கித்தான் தீர வேண்டும். இண்டெக்ஸில் உள்ள பங்குகளை அப்படியே வைத்திருக்க வேண்டிய இண்டெக்ஸ் ஃபண்டும் அப்படித்தான், விலை அதற்குப் பொருட்டே இல்லை. பட்டியல் மாற்றம் அமலுக்கு வருவதற்கு முந்தைய நாளின் முடிவு விலையில் பங்கு கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபண்டின் வருமானம் இண்டெக்ஸிலிருந்து விலகிவிடும். என்.எஸ்.இ.யில் அந்த முடிவு விலை என்பது கடைசி அரைமணி நேரத்தின் சராசரி, அதனால் ஃபண்டுகளின் ஆர்டர் பெரும்பாலும் மூன்று மணிக்கு மேல்தான் குவியும்.

சேரும் பங்கை முதலில் எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச் 28 முதல் ஜொமேட்டோவும் ஜியோ ஃபைனான்ஷியலும் உள்ளே வந்தன, பிபிசிஎல், பிரிட்டானியா வெளியே போயின. அறிவிப்பு பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. "28 முதல்" என்றால் ஃபண்டுகள் வாங்குவது 27-ம் தேதி முடிவு விலையில் என்பதைக் கவனியுங்கள், 28 காலையில் விற்கலாம் என்று உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே அந்தக் கட்டாய வாங்குபவர் இருக்கமாட்டார்.

அதைவிடப் பெரிய ஓட்டை கணக்கில் இருக்கிறது. எளிமைக்காக, நிஃப்டி 50-ஐப் பின்தொடரும் பணம் 4 லட்சம் கோடி, புதுப் பங்கின் எடை 0.5% என்று வைத்துக்கொள்வோம். வாங்க வேண்டியது 2,000 கோடி. அந்தப் பங்கு தினமும் 500 கோடிக்கு வியாபாரம் ஆகிறது என்றால் நான்கு நாள் வியாபாரம் ஒரே மாலையில். அடேங்கப்பா என்று தோன்றும். ஆனால் அந்தப் பங்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அடுத்த 50 நிறுவனங்களின் பட்டியலான நிஃப்டி நெக்ஸ்ட் 50-லிருந்து. அங்கே அது பெரிய மீன், எடை 4% கூட இருக்கலாம். நெக்ஸ்ட் 50 ஃபண்டுகளில் 30,000 கோடி இருந்தால் அவர்கள் அதே மாலையில் 1,200 கோடிக்கு விற்றாக வேண்டும். மிஞ்சுவது 800 கோடிதான், குழுவில் சொன்ன 2,000 இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதை. 2020 நவம்பரில் எஸ் அண்டு பி 500-ல் சேர்ப்பதாக அறிவித்ததிலிருந்து சேர்வதற்குள் டெஸ்லா 70% போல ஏறியது, சேர்ந்த அன்று 6%-க்கு மேல் இறங்கியது. ஆனால் அது நேராக வெளியிலிருந்து வந்த யானை. கிரீன்வுட், சம்மான் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கெடுத்ததில், அந்த இண்டெக்ஸில் சேரும் பங்குக்கு 1990-களில் சராசரியாக 7.4% கிடைத்த ஏற்றம், பின்னால் 1%-க்கும் கீழே போய்விட்டது. மிட்கேப் இண்டெக்ஸிலிருந்து மேலே வரும் பங்குகளை அந்த ஃபண்டுகள் விற்பது அதற்கு ஒரு காரணம். போதாக்குறைக்கு, விதிகள் எல்லோருக்கும் தெரியும், அறிவிப்புக்கு முன்பே பட்டியலை ஊகித்துப் பெரிய கைகள் வாங்கி வைத்துவிடுகின்றன.

சரி, வெளியேறும் பங்கு? மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: நிஃப்டி ஃபண்டு விற்கும்போது நெக்ஸ்ட் 50 ஃபண்டு வாங்கும். அதனால் வெறும் நீக்கத்துக்காக விலை பெரிதாகச் சரியாது. நீக்கப்பட்டதே பல மாதம் இறங்கியதால்தான் என்பதால், மலிவு என்று நினைத்தது தேய்ந்துகொண்டே போகவும் கூடும்.

எனக்குப் பிடித்தது இந்த இரண்டு கட்சியிலும் சேராத ஒன்று, பிரிந்து வரும் நிறுவனம். 2023 ஜூலையில் ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது விலை 261.85 ரூபாய் என்று நிர்ணயமானது. ரிலையன்ஸ் வைத்திருந்த நிஃப்டி ஃபண்டுகளின் கையில் கேட்காமலேயே அந்தப் பங்கு வந்து விழுந்தது, அது இண்டெக்ஸிலிருந்து நீக்கப்படும் என்பதால் விற்றாக வேண்டும், எதிர்ப்பக்கம் கட்டாயமாக வாங்க எந்த ஃபண்டும் இல்லை. ஆகஸ்ட் 21-ல் பட்டியலானதும் ஒரே நாளில் இறங்க அனுமதித்த 5% எல்லையான லோயர் சர்க்யூட்டைத் தொட்டு வியாபாரமே உறைந்தது, அதனால் இண்டெக்ஸிலிருந்து நீக்கும் தேதி ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போனது. விலை 205 பக்கம் தொட்டுவிட்டு, நீக்கம் முடிவதற்கு முன்பே மேலே திரும்பிவிட்டது. விற்றே ஆக வேண்டியவர் இருக்கிறார், அவருக்கு நிறுவனத்தைப் பற்றிய கருத்து எதுவும் இல்லை, சரிவுக்கு அதுவே போதும். இங்கும் ஆபத்து இருக்கிறது, லோயர் சர்க்யூட்டில் நிற்கும் நாட்களில் வாங்கினால் மறுநாளும் இன்னொரு 5% போகலாம்.

எதில் இறங்கினாலும் ஒரு வருடத்துக்குள் விற்ற லாபத்தில் 20% வரி. சேரும் பங்கில் எதிர்பார்ப்பதே ஒன்றிரண்டு சதவீதம் என்றால், வரியும் வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1% பரிவர்த்தனை வரியும் தரகும் போய் மிஞ்சுவதை எழுதிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.