ஆண்டறிக்கையில் எது: மொத்தப் பயனாளிகளா, 40-இல் 12 பேரா?

எங்கள் மாலை நேர வாசிப்பு மையங்களின் ஆண்டறிக்கையை இந்த முறை மாற்றி எழுதினோம். பழைய பாணியில் முதல் பக்கத்தில் பெரிய எண், அடுத்து குத்துவிளக்குப் படம், கடைசியில் நன்றி. புதியதில் மையத்துக்கு ஒரு சிறு கணக்கும் ஒரு குழந்தையின் கதையும். எனக்குப் புதியதுதான் பிடித்திருக்கிறது.

பழைய பாணியின் வசதி தெரிந்ததே: சீக்கிரம் முடியும், மேடையில் வாசிக்க எடுப்பாக இருக்கும். ஆனால் மாலை வகுப்புக்கு வந்த பிள்ளையே கோடை முகாமுக்கும் வந்தால் இரண்டு பயனாளிகள். பெற்றோரையும் தம்பி தங்கையையும் ‘மறைமுகப் பயனாளிகள்’ என்று சேர்த்தால் எண் இன்னும் வீங்கும்.

புதிய பாணியில் எல்லாமே எத்தனை பேரில் என்ற கேள்வியில்தான் நிற்கிறது. ஒரு மையத்தில் ஜூனில் 40 பேர் சேர்ந்தார்கள். கிராமப் பிள்ளைகளின் வாசிப்பை நாடு முழுவதும் சோதிக்கும் ‘அசர்’ ஆய்வின் பாணிச் சோதனையில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று குறிக்கிறோம். மார்ச்சில் மறுபடி சோதிக்கும்போது 31 பேர்தான் இருக்கிறார்கள். அதில் 12 பேர் சொல்லிலிருந்து பத்திக்கு ஏறியிருக்கிறார்கள். 31-இல் 12 என்றால் 39 சதவீதம், 40-இல் என்றால் 30. எதை அச்சிடுவது?

காணாமல் போன 9 பேரில் பலர் பொங்கல் முடிந்து பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போனவர்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களும் பெரும்பாலும் அவர்களே. அவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், நாம் ஒன்றும் செய்யாமலேயே சதவீதம் ஏறிவிடும். அதனால் 40, 31, 12 மூன்றையும் அச்சிட்டு, 9 பேர் எங்கே என்று ஒரு வரியும் சேர்த்தோம். சதவீதமே போடவில்லை, இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இரண்டு பிள்ளைகள் மாறினாலே அது குதிக்கும்.

கதைக்கும் இதே கண்டிப்பு. முதலாவதாக வந்த பிள்ளையை எடுக்காமல் அந்த 12 பேரில் நடுவில் இருப்பவளை எடுக்க வேண்டும். அப்படி எடுத்த பிள்ளைக்கு ஜூனில் ‘மரம்’, ‘படம்’ தடையின்றி வந்தது. ‘கொடி’யை ‘கெடி’ என்றாள், ஒற்றைக்கொம்பைப் பார்த்தவள் பின்னால் வரும் காலைக் கவனிக்கவில்லை. மார்ச்சில் நான்கு வரிப் பத்தியை விரல் வைத்து வாசித்தாள். ‘வாழ்க்கையே மாறியது’ என்று எழுதத் தேவையே வரவில்லை. பெற்றோர் சம்மதம் வாங்கி, பெயரை மாற்றினோம். சின்ன ஊரில் அப்பாவின் தொழிலைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும், அதையும் எடுத்துவிட்டோம்.

இதற்கு உழைப்பு அதிகம்தான். ஜூன் குறிப்பு இல்லாவிட்டால் மார்ச்சில் கதையே கிடையாது; தன்னார்வலர்கள் வருடம் முழுக்க நோட்டு எழுத வேண்டும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் நடப்பதால், அந்த 12 பேரும் எங்களால்தான் ஏறினார்கள் என்றும் சொல்ல முடியாது. அதை அறிக்கையிலேயே எழுதிவிட்டோம்.

நன்கொடை கூடுமா என்று ஓர் அறிக்கையை வைத்துச் சொல்வதற்கில்லை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கான சி.எஸ்.ஆர். படிவங்களில் மொத்த எண்ணிக்கை கேட்கும் கட்டம் இருந்தால் நிரப்பித்தான் ஆக வேண்டும். அதற்கு ஒரு பிள்ளையை ஒருமுறை மட்டும் எண்ணிய பட்டியலைப் பின்னிணைப்பில் வைத்திருக்கிறோம்.