நேரவரம்பை நீட்டுவதா, இறக்கும் அளவைக் குறைப்பதா?

கோத்தகிரியில் உள்ள வீட்டில் கைப்பேசியின் இணையத்தை மடிக்கணினிக்குக் கொடுத்துத்தான் தண்டர்பேர்ட் என்ற மென்பொருளில் அஞ்சல் பார்க்கிறேன். மழை நாளில் வேகம் நொடிக்கு 100 கிலோபிட் என்று இறங்கிவிடும். சென்ற மாதம் 6 எம்பி கோப்புடன் வந்த ஒரு கடிதம் மூன்று முறை பாதியில் நின்றது. என் முன் இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி, மென்பொருள் காத்திருந்து இணைப்பை முறிக்கும் நேரவரம்பை நீட்டுவது. அமைப்புகளில் Config Editor-ஐத் திறந்து `mailnews.tcptimeout` என்று தேடினால் 100 என்ற எண் இருக்கும். அது நொடிக்கணக்கு. ஆனால் முழுக் கடிதமும் இறங்குவதற்கான கெடு அல்ல. இணைப்பில் ஒரு பைட்டும் வராமல் இருக்கும் மௌனத்தைத்தான் அது அளக்கிறது. அந்த 6 எம்பி கோப்பு அஞ்சலுக்கான குறியாக்கத்தில் 8 எம்பியைத் தாண்டும்; இறங்கப் பதினொரு நிமிடம் போல ஆகும். தரவு சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தால் 100 நொடியே போதும். எனவே பதினொரு நிமிடத்துக்கு 660 என்று போடுவது வீண்.

எது தேவை என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். வரவு அடியோடு நின்று, ஒவ்வொரு முறையும் சரியாக 100 நொடி கழித்துப் பிழைச் செய்தி வந்தால் வரம்புதான் வெட்டுகிறது, 300 ஆக்குங்கள். ஒருமுறை இருபதாவது நொடியில், மறுமுறை எண்பதாவது நொடியில் அறுந்தால் சிக்னலே போகிறது. எண்ணை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. எனக்கு நடந்தது இரண்டாவது வகை.

அதற்கு ஏற்றது இன்னொரு வழி: பெரிய கடிதங்களை இறக்காமல் நிறுத்திவைப்பது. அஞ்சலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கில், பாதியில் அறுந்த கடிதம் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும்; பின்னால் உள்ளவையும் காத்துக்கிடக்கும். கணக்கு அமைப்பின் Disk Space பகுதியில் 50 கேபிக்கு மேற்பட்டவற்றை இறக்க வேண்டாம் என்று குறித்தேன். காலை அஞ்சல்கள் உடனே வந்துவிட்டன. அந்தப் பெரிய கடிதத்தை ஊருக்குள் போனபோது முழுதாக எடுத்துக்கொண்டேன்.

அனுப்பும்போது மட்டும் நேரவரம்பை நீட்டுவதே மேல், இதில் எனக்குத் தயக்கமில்லை. கடிதம் முழுதும் போய்ச் சேர்ந்த பின் சர்வர் "250" என்று ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் வருவதற்குள் நாம் இணைப்பை முறித்தால், சர்வர் கடிதத்தை ஏற்றிருந்தாலும் நம் பக்கம் அது அனுப்பப்படாததாகவே நிற்கும். மறுபடி அனுப்புவோம், எதிர்முனையில் ஒரே கடிதம் இரண்டாக விழும். இந்தக் கடைசிக் காத்திருப்புக்குக் குறைந்தது 10 நிமிடம் தர வேண்டும் என்றே அஞ்சல் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறை பரிந்துரைக்கிறது.

ஆனால் 600 ஆக வைத்தால் செத்துப்போன இணைப்பையும் மென்பொருள் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே பெரிய கடிதம் அனுப்பும் நாளில் மட்டும் 600, மற்ற நாட்களில் 300 என்று வைத்திருக்கிறேன்.