கரிசலா, செவலா: மானாவாரிப் பருத்திக்கு எந்தக் காடு?

திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடிப் பக்கம் சித்திரை வெயிலில் நடந்தால், கால் வைக்குமிடம் பார்த்து வைக்க வேண்டும். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரு வெடிப்புக்குள் பருத்திமாரை விட்டுப் பார்த்தேன். முழங்கை ஆழம் வரை தடையே இல்லை. அதே வாரம் மேலூர்ப் பக்கம் செவல் காட்டில் நின்றபோது, மண் ஓடுபோல இறுகியிருந்ததே தவிர வெடிப்பு எதுவும் இல்லை.

வெயில் ஒன்றுதான், களிமண்தான் வேறு. கரிசலின் களி, அடுக்கிய வெற்றிலை போன்ற நுண்ணிய தகடுகளால் ஆனது. தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பும், வெளியேறினால் சுருங்கும். இதற்கு மான்ட்மோரில்லோனைட் என்று பெயர். செவலில் உள்ள கயோலினைட்டின் தகடுகள் இறுகப் பிணைந்தவை; நடுவே நீர் நுழைய முடியாது.

கரிசல் என்றாலே எரிமலை மண் என்று சொல்லிவிடுகிறோம். மராட்டியக் கரிசலுக்கு அது பொருந்தும், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பரவிய எரிமலைக் குழம்பு பசால்ட் பாறையாக உறைந்து, பின் சிதைந்து உண்டான மண் அது. நம் பக்கம் அந்தக் குழம்பு வரவில்லை. இங்கே பழைய நைஸ் பாறைதான் சிதைந்தது. மழை குறைவாக இருந்ததால் சுண்ணாம்பும் மக்னீசியமும் அடித்துச் செல்லப்படாமல் தங்கி, அதே களியை உண்டாக்கின. தாய்ப்பாறை வேறு, குணம் ஒன்று.

பருத்திக்கு இதனால் என்ன ஆதாயம்? புரட்டாசியில் விதைத்த செடிக்கு ஐப்பசி, கார்த்திகை மழை கிடைக்கும். மார்கழிக்குப் பிறகு வானத்தை நம்ப முடியாது. காய் பிடிப்பதும் வெடிப்பதும் அதன் பிறகுதான். ஆழமான கரிசல் குடித்து வைத்த நீரை, கீழே இறங்கும் ஆணிவேர் தை, மாசியிலும் உறிஞ்சிக்கொள்ளும். செவலில் நீர் சீக்கிரம் வடிந்துவிடும். கிணறு இல்லையென்றால் பிஞ்சு உதிரும். ஆகவே மானாவாரி என்றால் என் ஓட்டு கரிசலுக்கே.

ஆனால் ஒரு தூறலில் ஜெயிப்பது செவல்தான். கரிசலின் களி நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், சிறு மழையில் வேருக்கு ஏதும் மிஞ்சாது. பெருமழை பெய்தாலோ வெடிப்புகள் மூடி, நீர் தேங்கி, செடி மஞ்சளிக்கும். மாடும் ஏரும் இறங்க முடியாது.

பங்குனிக்குள் பருத்தி எடுத்துவிடுவதால், கோடை வெடிப்பு வேரை அறுத்தாலும் நட்டமில்லை. மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழுவதால் நிலம் கொஞ்சம் தன்னைத்தானே உழுதும் கொள்கிறது.

உங்கள் காடு எது என்று ஐயமிருந்தால், ஈர மண்ணை 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு உருட்டி நிழலில் உலர விடுங்கள். நல்ல கரிசல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறுகும். செவல் ஏறக்குறைய அப்படியே இருக்கும், அதுவும் உருட்டும்போதே உடையாமல் வந்தால்.